‘உடையப்பட்டது’: ஏழாம் வகுப்பின் ஒரு தொடர்மாற்ற வினாவும் அதற்கு வந்த விடைகளும்

ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் தமிழ் இலக்கணத்துக்கு வைக்கும் வினாக்களில், தொடரை மாற்றி எழுதச் சொல்பவையே மாணவர்களின் உண்மையான நிலையைக் காட்டுகின்றன. செய்வினையைச் செயப்பாட்டுவினையாக்குக, நேர்க்கூற்றை அயற்கூற்றாக்குக என்று தனித்தனியே கேட்டால் மனப்பாடத்தின் துணையோடு பலர் தப்பிவிடுவார்கள். இரண்டையும் ஒரே தொடரில் கேட்டால், யார் எந்த இடத்தில் தடுக்குகிறார்கள் என்பது வெளியே தெரிந்துவிடும். ஒரு நடுநிலைப் பள்ளியின் ஏழாம் வகுப்பில் பயிற்சிக்காக நான் கொடுத்த அப்படிப்பட்ட ஒரு வினாவையும், அதற்கு வந்த நான்கு வகை விடைகளையும், அடுத்துச் செய்ததையும் இங்கே பதிவு செய்கிறேன்.

வினா

“நான் நேற்று இந்தக் கண்ணாடியை உடைத்தேன்” என்று மாணவன் ஆசிரியரிடம் கூறினான்.

அ) இத்தொடரை அயற்கூற்றாக மாற்றுக.
ஆ) மேற்கோளுக்குள் உள்ள தொடரைச் செயப்பாட்டுவினையாக்கி, பின்னர் முழுவதையும் அயற்கூற்றாக மாற்றுக.

எதிர்பார்த்த விடைகள் இவை. முதலாவதற்கு: மாணவன் தான் முந்தைய நாள் அந்தக் கண்ணாடியை உடைத்ததாக ஆசிரியரிடம் கூறினான். இரண்டாவதற்கு: அந்தக் கண்ணாடி முந்தைய நாள் தன்னால் உடைக்கப்பட்டதாக மாணவன் ஆசிரியரிடம் கூறினான்.

இரண்டாம் விடைக்கு வேறு வழியிலும் போகலாம். முதலில் அயற்கூற்றாக்கி, பிறகு செயப்பாட்டுவினையாக்கினாலும் இதே தொடர்தான் கிடைக்கும். முதல் வழியில் ‘என்னால்’ என்பது ‘தன்னால்’ ஆகிறது. மற்ற வழியில் ‘தான்’ என்பது ‘தன்னால்’ ஆகிறது. இரு வழியிலும் செய்து பார்த்து விடை ஒன்றாக வந்தால் சரி, வேறுபட்டால் எங்கோ பிழை இருக்கிறது. தன் விடையைத் தானே சரிபார்த்துக்கொள்ள மாணவனுக்கு இந்த வினாவுக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. இந்த அமைப்பை நான் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே முதற்காரணம்.

முதல் வகை: ‘என்னால் உடையப்பட்டது’

வகுப்பில் மிகுதியாக வந்த பிழை இது. “இந்தக் கண்ணாடி நேற்று என்னால் உடையப்பட்டது” என்று எழுதியவர்கள், செயப்பாட்டுவினைக்குச் சொல்லிக்கொடுத்த மூன்று வேலைகளில் இரண்டைச் சரியாகவே செய்திருந்தார்கள். செயப்படுபொருளாகிய கண்ணாடியிலிருந்து ‘ஐ’ உருபை நீக்கி அதை எழுவாய் ஆக்கினார்கள். பழைய எழுவாயோடு ‘ஆல்’ சேர்த்தார்கள். ‘நான்’ என்பது ‘நானால்’ ஆகாமல் ‘என்னால்’ ஆக வேண்டும் என்பதுகூட அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வினையில்தான் சறுக்கல்.

அவர்களில் ஒரு மாணவியிடம் ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டேன். “ஐயா, கண்ணாடிதானே உடைந்தது? கண்ணாடியை முதலில் எழுதியதால் உடைந்தது என்பதிலிருந்துதான் எழுதினேன்” என்றாள்.

இந்தப் பதிலைக் கவனமாகக் கேட்க வேண்டும். அவள் யோசிக்காமல் எழுதவில்லை. செயப்பாட்டுவினை கண்ணாடியைத் தொடரின் தலையில் கொண்டுபோய் வைக்கிறது. அங்கிருந்து பார்க்கும் குழந்தைக்குக் கண்ணாடியின் பக்கத்து வினைதான் நினைவுக்கு வரும். அந்த வினை ‘உடைந்தது’. அதற்குரிய எச்சம் ‘உடைய’. அதோடு ‘படு’ சேர்ந்தால் ‘உடையப்பட்டது’. ஒவ்வொரு படியிலும் ஒரு நியாயம் இருக்கிறது. தொடக்கப் புள்ளி மட்டும் தவறு.

தமிழில் இப்படி இரட்டையாக வரும் வினைகள் ஏராளம். உடைந்தது – உடைத்தான், திருந்தினான் – திருத்தினார், நின்றது – நிறுத்தினார், ஏறியது – ஏற்றினார், நிரம்பியது – நிரப்பினார், சேர்ந்தது – சேர்த்தார். ஒவ்வோர் இணையிலும் முதலாவது செயப்படுபொருள் குன்றிய வினை, அதாவது ‘எதை?’ என்ற கேள்விக்கு இடமில்லாதது. இரண்டாவது செயப்படுபொருள் குன்றா வினை. ‘படு’ சேர்ந்து செயப்பாட்டுவினை ஆவது இரண்டாவது மட்டுமே. ‘விடைத்தாள்கள் திருந்தப்பட்டன’, ‘பஸ் நிற்கப்பட்டது’, ‘தொட்டி நிரம்பப்பட்டது’ ஆகியவை எல்லாம் ஒரே பிழையின் வெவ்வேறு முகங்கள்.

பாடநூல் சொல்லும் முறையில் குறை இல்லை, ஆனால் போதாது. ‘வினையடியோடு படு, பெறு போன்ற துணைவினைகளைச் சேர்க்க’ என்ற அளவில் நின்றால், எந்த வினையடி என்ற கேள்வி மாணவனிடமே விடப்படுகிறது. ‘உடை’ என்னும் அடி இரண்டு வினைகளுக்கும் பொதுவானது. அடியைப் பார்த்து யாராலும் முடிவு செய்ய இயலாது.

இதற்காக வகுப்பில் ஒரு சோதனையைப் பழக்கினேன். தொடரை மாற்றுவதற்கு முன், செயப்படுபொருளை ‘ஐ’ உருபோடு அப்படியே வைத்துக்கொண்டு, வினையை ‘வேண்டும்’ என்பதற்கு முன் வரும்படி சொல்லிப் பார்க்க வேண்டும். ‘கண்ணாடியை உடைய வேண்டும்’ என்று சொன்னால் தமிழ்க் காது ஏற்காது. ‘கண்ணாடியை உடைக்க வேண்டும்’ என்பதே வரும். அந்த ‘உடைக்க’ என்பதை எடுத்துக்கொண்டு, நடுவில் ‘ப்’ மிக, ‘படு’ சேர்த்தால் வினை தயார்: உடைக்கப்பட்டது. ‘விடைத்தாள்களைத் திருத்த வேண்டும்’ என்பதிலிருந்து திருத்தப்பட்டன. ‘தொட்டியை நிரப்ப வேண்டும்’ என்பதிலிருந்து நிரப்பப்பட்டது. ‘ஐ’ உருபை விட்டுவிட்டுச் சோதித்தால் பயன் இல்லை. ‘கண்ணாடி உடைய வேண்டும்’ என்பதும் நல்ல தமிழ்தான். ‘ஐ’ இருக்கும்போதுதான் காது சரியான வினையைத் தேர்கிறது.

இதே சோதனை, மாற்றவே முடியாத தொடர்களையும் காட்டிக்கொடுக்கும். ‘குழந்தை தூங்கியது’ என்பதில் ‘ஐ’ சேர்க்க ஒன்றும் இல்லை. ஆகவே செயப்பாட்டுவினையும் இல்லை. ஒரு பொறி மட்டும் உண்டு. ‘ஆசிரியர் மாணவனைப் பார்த்துச் சிரித்தார்’ என்பதில் ‘ஐ’ இருக்கிறது, ஆனால் அது ‘பார்த்து’ என்னும் வினையெச்சத்துக்கு உரியது. ‘மாணவன் ஆசிரியரால் சிரிக்கப்பட்டான்’ என்று எழுதுகிறவர் உருபைக் கண்டார், அது எந்த வினையோடு முடிகிறது என்பதைக் காணவில்லை. ஆகவே ‘வேண்டும்’ சோதனையை முற்றுவினையை வைத்தே செய்ய வேண்டும். ‘மாணவனைச் சிரிக்க வேண்டும்’ என்பது நிற்காது என்று உடனே தெரிந்துவிடும்.

இரண்டாம் வகை: ‘என்னால் உடைக்கப்பட்டேன்’

சிலர் வினையடியைச் சரியாகத் தேர்ந்து, விகுதியில் தவறினார்கள்: ‘இந்தக் கண்ணாடி என்னால் உடைக்கப்பட்டேன்’. பழைய தொடரின் ‘ஏன்’ விகுதி அப்படியே ஒட்டிக்கொண்டது. எழுவாய் மாறினால் திணை, பால், எண், இடம் நான்கும் புதிய எழுவாயைப் பின்பற்ற வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாதது அல்ல. ‘உடைத்தேன்’ என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டே எழுதியதால் வந்த பிழை.

இது வினாத்தாள் அமைப்போடு தொடர்புடையது. நூலிலும் தேர்விலும் பெரும்பாலும் அஃறிணை ஒருமைச் செயப்படுபொருளையே கொடுக்கிறோம். பாடம் படிக்கப்பட்டது, கடிதம் எழுதப்பட்டது, வீடு கட்டப்பட்டது. எல்லாம் ‘அது’ விகுதியில் முடிவதால் அதைக் கண்மூடி எழுதியே மதிப்பெண் வாங்கிவிடலாம். ‘காவலர் திருடர்களைப் பிடித்தார்’ என்று கொடுத்தால் ‘பிடிக்கப்பட்டனர்’ என்று எழுத யோசிக்க வேண்டும். ‘ஆசிரியர் விடைத்தாள்களைத் திருத்தினார்’ என்றால் ‘திருத்தப்பட்டன’. ‘தலைமையாசிரியர் என்னைப் பாராட்டினார்’ என்றால் ‘நான் தலைமையாசிரியரால் பாராட்டப்பட்டேன்’. பத்துத் தொடர்கள் கொடுக்கிற இடத்தில் இந்த மூன்று வகைக்கும் இடம் தந்தால் போதும், இந்தப் பிழை வெளியே வந்து தானாகவே திருந்தும்.

மூன்றாம் வகை: ‘மாணவன் நான் நேற்று… உடைத்ததாகக் கூறினான்’

அயற்கூற்றில் வந்த முதன்மையான பிழை இது. மேற்கோள் குறியை நீக்கி, ‘என்று’ என்பதை எடுத்துவிட்டு, ‘உடைத்தேன்’ என்பதை ‘உடைத்ததாக’ என்று மாற்றினால் வேலை முடிந்தது என்று எண்ணியவர்கள் எழுதியது. வடிவம் மாறியிருக்கிறது, பேசுகிறவர் மாறவில்லை. ‘மாணவன் நான் நேற்று இந்தக் கண்ணாடியை உடைத்ததாக ஆசிரியரிடம் கூறினான்’ என்ற தொடரைப் படிப்பவர், கண்ணாடியை உடைத்தது அதை எழுதியவரே என்று கொள்வார். மாணவன் வேறொருவர் மேல் பழி போட்டதாக ஆகிவிடுகிறது!

இந்தப் பொருள் மாற்றத்தை வகுப்பில் நடத்திக் காட்டினேன். ஒரு மாணவனை எழச் சொல்லி, பிழையான தொடரை அவன் வாயாலேயே வகுப்புக்குச் சொல்லச் சொன்னேன். அவன் முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவன், “அப்படியென்றால் உடைத்தது இவனா, ஐயா?” என்று கேட்டுவிட்டான். விதியைச் சொல்லி விளக்குவதைவிட அந்தக் கேள்வி நன்றாக வேலை செய்தது.

அயற்கூற்றில் மாறுபவை, பேசுகிறவரின் இருப்பிடத்தையும் நேரத்தையும் சார்ந்த சொற்கள். ‘நான்’ என்பது கூறியவரையே குறிக்கும் ‘தான்’ ஆகிறது. மதிப்புக்குரியவராக இருந்தால் ‘தாம்’, பலராக இருந்தால் ‘தாங்கள்’. ‘இந்த’ என்பது ‘அந்த’ ஆகிறது, ‘இங்கே’ என்பது ‘அங்கே’. ‘நேற்று’ என்பது ‘முந்தைய நாள்’, ‘நாளை’ என்பது ‘மறுநாள்’. இவற்றைப் பயிற்சி நூல்கள் இரண்டு பத்தியாக அச்சிட்டு மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மாணவன் கூறிய அன்றைக்கே, அதே பள்ளியில், அந்தக் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் இச்செய்தியைச் சொல்கிறார் என்றால் ‘தான் நேற்று இந்தக் கண்ணாடியை உடைத்ததாக’ என்பதே சரி. அவருக்கும் அது நேற்றுதான், அவர் கையிலும் அது இந்தக் கண்ணாடிதான். எந்நிலையிலும் மாற வேண்டியது ‘நான்’ என்பது மட்டுமே. மற்றவை, யார் எங்கிருந்து எப்போது திரும்பச் சொல்கிறார் என்பதைப் பொறுத்தவை. தேர்வில் மாற்றி எழுதுவதையே எதிர்பார்ப்பதால் மாணவர்களை அப்படியே எழுதப் பழக்குகிறேன், ஆனால் காரணத்தோடு.

முன்னிலைச் சொற்களில் இன்னொரு சிக்கல் உண்டு. “நீ வென்றுவிட்டாய்” என்று குமார் கண்ணனிடம் கூறினான் என்ற தொடரில் பலர் ‘தான் வென்றுவிட்டதாக’ என்று எழுதி வெற்றியைக் குமாருக்குக் கொடுத்துவிட்டார்கள். ‘தான்’ எப்போதும் கூறியவரையே சுட்டும். கேட்டவருக்குப் பெயரோ ‘அவன்’, ‘அவள்’ என்பதோதான் வர வேண்டும்: கண்ணன் வென்றுவிட்டதாகக் குமார் அவனிடம் கூறினான். எழுதியபின் ‘தான்’ என்பதன் மேல் விரலை வைத்து, ‘கூறினான்’ என்பதன் எழுவாயோடு பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும். இடைவெளியிலும் கவனம் தேவை. ‘கண்ணன் தான் வருவதாகக் கூறினான்’ என்றால் வரப்போகிறவன் கண்ணன். சேர்த்து, ‘கண்ணன்தான் வருவதாகக் கூறினான்’ என்று எழுதினால் கூறியவன் வேறு யாருமல்லன், கண்ணனே என்று அழுத்தம் மாறிவிடுகிறது.

வினாவும் கட்டளையும் ‘ஆக’ பெறுவதில்லை. “நீ எங்கே போகிறாய்?” என்று தாய் மகனிடம் கேட்டாள் என்பது ‘மகன் எங்கே போகிறான் என்று தாய் கேட்டாள்’ என ‘என்று’ நீங்காமலே நிற்கும். “உள்ளே வா” என்பது ‘உள்ளே வருமாறு’ அல்லது ‘வரும்படி’ ஆகும்.

நான்காம் வகை: ‘உடைத்திருந்ததாகக் கூறினான்’

எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் இதை எழுதியவர்கள் நன்றாகப் படிக்கிறவர்கள். ஆங்கிலப் பாடத்தில் அயற்கூற்றுக்கு மாற்றும்போது காலத்தை ஒரு படி பின்னே தள்ள வேண்டும் என்று கற்றிருக்கிறார்கள். அந்த விதியைத் தமிழுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். ‘வருவேன்’ என்பதை ‘வந்திருப்பதாக’ என்று எழுதிய ஒருவனும் இதில் அடக்கம். தமிழில் ‘கூறினான்’ என்ற இறந்தகாலம் உள்ளே இருக்கும் வினையைத் தொடுவதில்லை. ‘மறுநாள் வருவதாகக் கூறினான்’ என்பதில் வருதல் கூறியதற்குப் பிந்தையது என்பதை ‘வருவதாக’ என்பதே சொல்லிவிடுகிறது. இதை ஒரு முறை சொன்னதும் இவர்கள் திருத்திக்கொண்டார்கள். அதே வாரத்தில் இரண்டு மொழிகளிலும் ஒரே பாடம் நடந்தால், தமிழ் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் இந்த ஒரு வேறுபாட்டைப் பற்றிப் பேசிக்கொள்வது நல்லது.

மீண்டும் ஒரு வினா

சில வகுப்புகளுக்குப் பிறகு கொடுத்த தொடர் இது: “நாங்கள் நாளை இங்கே மரக்கன்றுகளை நடுவோம்” என்று மாணவிகள் தலைமையாசிரியரிடம் கூறினர். இதையும் இரண்டு மாற்றங்களுக்கும் உட்படுத்த வேண்டும்.

வேண்டுமென்றே ‘நடு’ என்ற வினையைத் தேர்ந்தேன். இதன் எச்சம் ‘நட’. அதே ஒலி ‘நடத்தல்’ என்னும் வினையின் அடியும் ஆகும். அதனால் ‘நடக்கப்படும்’ என்று எழுதத் தோன்றும். ‘மரக்கன்றுகளை நட வேண்டும்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தவர்கள் ‘நடப்படும்’ என்று சரியாக எழுதினார்கள். முதல் வினாவில் ‘உடையப்பட்டது’ என்று எழுதிய மாணவியின் தாளில் ஓரத்தில் ‘நட வேண்டும்’ என்று பென்சிலால் எழுதி அடித்திருந்தது தெரிந்தது. சோதனையைச் செய்யாதவர்களிடம் ‘நடக்கப்படும்’ தொடர்ந்தது. ‘தாங்கள்’, ‘தங்களால்’ ஆகிய இரண்டையும் பெரும்பாலோர் பிடித்துவிட்டார்கள்.

மதிப்பெண்ணைத் துண்டு துண்டாகப் பிரித்தது இங்கே உதவியது. இரண்டு மதிப்பெண் வினாவில் சுட்டும் காலப்பெயரும் மாறியதற்கு அரை, ‘தங்களால்’ என்பதற்கு அரை, வினையடிக்கு அரை, விகுதிக்கு அரை. மொத்தமாகச் சரி அல்லது தவறு என்று போட்டால், நான்கில் மூன்றைச் சரியாகச் செய்தவனும் ஒன்றும் செய்யாதவனும் ஒரே சுழியைப் பெறுவார்கள். எதை மீண்டும் கற்பிப்பது என்று ஆசிரியருக்கும் தெரியாது.

வினாவை அமைப்பவர் கவனிக்க வேண்டியவை

செயப்பாட்டுவினைக்குக் கொடுக்கும் தொடர்கள் பலவும் யாரும் எழுதாத தமிழை உண்டாக்குகின்றன. ‘கண்ணனால் மாம்பழம் உண்ணப்பட்டது’ என்று எவரும் சொல்வதில்லை. செயப்பாட்டுவினை இயல்பாக வாழும் இடங்கள் செய்தி, அறிவிப்பு, வரலாறு, அறிவியல் குறிப்பு ஆகியவை. தஞ்சைப் பெரிய கோயில் முதலாம் இராசராசனால் கட்டப்பட்டது, சதுரகராதி 1732இல் வீரமாமுனிவரால் தொகுக்கப்பட்டது, மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. கடைசித் தொடரில் ‘ஆல்’ இல்லை. அதில் குறை ஒன்றும் இல்லை. செய்தவரைச் சொல்லத் தேவையில்லாத போதுதான் தமிழ் இவ்வடிவத்தை அதிகம் நாடுகிறது. தொல்காப்பியமோ இன்னும் ஒரு படி போய், ‘செயப்படுபொருளைச் செய்தது போலத்’ தொழிற்படச் சொல்வதும் வழக்கே என்கிறது. உரையாசிரியர்கள் அதற்குக் காட்டும் ‘திண்ணை மெழுகிற்று’ என்பதில் ‘படு’ இல்லாமலே பொருள் நிறைகிறது. ‘ஆல்’ இல்லாமல் எழுதிய மாணவனுக்கு மதிப்பெண் குறைப்பதாக இருந்தால், ‘செய்தவரையும் குறிப்பிட்டு எழுதுக’ என்று வினாவிலேயே சொல்லிவிட வேண்டும்.

கொடைப் பொருளில் வரும் தொடர்களிலும் ஒரு தெளிவு தேவை. ‘ஆசிரியர் மாணவிக்குப் பரிசை வழங்கினார்’ என்பதற்கு ‘மாணவிக்குப் பரிசு ஆசிரியரால் வழங்கப்பட்டது’ என்ற ஒரே விடைதான் உண்டு. ‘கு’ உருபு பெற்ற சொல் தமிழில் செயப்பாட்டுவினைக்கு எழுவாய் ஆவதில்லை. ‘மாணவி பரிசு வழங்கப்பட்டாள்’ என்று எழுதினால் அது மீண்டும் ஆங்கிலப் பாடத்தின் வரவு.

திருப்பி மாற்றச் சொல்லும் வினாக்களில், பிழை பெரும்பாலும் வினாவிடமே இருக்கிறது. ‘கண்ணன் தான் கவிதை எழுதுவதாகக் கூறினான்’ என்பதை நேர்க்கூற்றாக்கச் சொன்னால், “நான் கவிதை எழுதுகிறேன்” என்பதும் “நான் கவிதை எழுதுவேன்” என்பதும் சரியே. இன்றைய எழுத்து வழக்கில் இரண்டும் ‘எழுதுவதாக’ என்ற ஒரே வடிவில்தான் சேர்கின்றன. மரக்கன்றுத் தொடரில் ‘நடப்படுவதாக’ என்பதை ‘மறுநாள்’ காப்பாற்றுகிறது. காப்பாற்ற அப்படி ஒரு சொல் இல்லாதபோது நாளிதழ்கள் ‘நடப்படவிருப்பதாக’, ‘வெளியிடப்படவிருப்பதாக’ என்று எழுதி எதிர்காலத்தைப் பிரித்துக்காட்டுகின்றன. இந்த வடிவத்தை ஏழாம் வகுப்பில் கேட்க வேண்டியதில்லை. ஆனால் திருப்பி மாற்றும் வினாவில் ‘இப்போது’ அல்லது ‘மறுநாள்’ என ஒரு காலப்பெயரைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அல்லது விடைக்குறிப்பில் இரண்டு விடைகளுக்கும் முழு மதிப்பெண் என்று எழுதிவைக்க வேண்டும்.